இருபத்தொன்றாம் பக்கத்தின் மொழி

மின்சாரத் துறையின் தலைமை அலுவலகத்தில், மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறைதான் ஆவணப் பிரிவு. எந்த அதிகாரியும் தானாக வந்து எட்டிப் பார்க்காத அறை அது. அங்கே வேலை பார்த்தவளைக் கட்டடம் முழுக்க ‘பிடிஎஃப் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூர அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமைதான் பிற்பாடு அவளை இந்தப் பாடு படுத்தியது.

துறையின் சுற்றறிக்கைகள் இரண்டு மொழியில் வரும். முன்பாதி ஆங்கிலம், பின்பாதி தமிழ், கடைசியில் வாலாக இணைப்புகள். ஒவ்வொரு பிரிவும் தன் பங்கைத் தானே தட்டச்சு செய்து அனுப்பும். மேலிடத்தில் யாரோ எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக ஒட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். முன்பெல்லாம் அது தாளாகக் கிளை அலுவலகங்களுக்குப் போய், அறிவிப்புப் பலகையில் ஊசி குத்தப்பட்டுத் தொங்கும். பிடிஎஃப் அக்கா ஒரு தேடுபெட்டி செய்து கொடுத்த பிறகு தாளை நிறுத்திவிட்டார்கள். ஒரு சொல்லைத் தட்டினால் போதும், அந்தச் சொல் எந்தச் சுற்றறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும்.

அதற்கு முதலில் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கம் எந்த மொழி என்று தெரிந்தாக வேண்டும். ஸ்கேன் செய்த பக்கமென்றால், படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் கருவிக்கு “இது தமிழ்” என்று சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் அது ‘ட’வைப் பார்த்து ஆங்கில எழுத்து என்று சத்தியம் செய்யும். கணினியில் தட்டச்சு செய்த பக்கமென்றால் எழுத்து உள்ளேயே இருக்கும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதையும் தமிழ்ச் சொற்களில் சேர்ப்பதா ஆங்கிலச் சொற்களில் சேர்ப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். முழுக் கோப்புக்கும் ஒரே மொழி என்று வைத்தால் பாதி நாசமாகிவிடும். அதனால் அவள் பக்கம் பக்கமாகப் பார்க்க வைத்திருந்தாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

முதலில் அவளுடைய மொழி கண்டறியும் கருவி மூன்று பதில் சொல்லும்: தமிழ், ஆங்கிலம், தெரியவில்லை. எழுத்துகள் எப்படி அடுத்தடுத்து வருகின்றன என்று பார்த்து, ஏதாவது ஒரு மொழியோடு நன்றாக ஒத்துப்போனால்தான் பெயர் சொல்லும். இல்லாவிட்டால் தெரியவில்லை என்று ஒதுங்கிக்கொள்ளும். அப்படி ஒதுங்கிய பக்கங்களை அவளும், பக்கத்து மேசையில் ஸ்கேனர் ஓட்டுகிற அண்ணனும் ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பார்ப்பார்கள். பெரும்பாலும் வெறும் எண்களாக இருக்கும் அட்டவணைகள். பார்ப்பதற்குள் பின்னால் வேலை குவிந்துவிடும்.

பிரிவு அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை.

“ஏம்மா, தெரியவில்லைன்னு ஒரு ஆஃபீஸ் பதில் சொல்லலாமா? வெளியில யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க? நம்மகிட்ட இருக்கிறதே ரெண்டு மொழி. ஒண்ணு இது, இல்லேன்னா அது. இதுல தெரியாம போறதுக்கு என்ன இருக்கு?”

கேட்டபோது அவளுக்கும் சரியென்றுதான் பட்டது. கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஒரு குறியெண்ணாக வைத்திருக்கும்; தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியெண்கள் உண்டு. அவை தெரிந்தால் தமிழ். தெரியாவிட்டால் ஆங்கிலம். ஒரே வரி. மூன்றாவது பதிலை அழித்தாள். அன்றே தேங்கிக் கிடந்த பக்கமெல்லாம் மளமளவென்று உள்ளே போனது. எந்தப் பக்கமாவது எழுத்தே இல்லாமல் காலியாகப் போயிருக்கிறதா என்று ஒரு சோதனையும் வைத்தாள். ஒன்றுகூட இல்லை. பிரிவு அதிகாரி மேலிடத்துக்கு நூற்றுக்கு நூறு என்று எழுதி அனுப்பி, அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அவளுடைய தம்பி அதே துறையில் லைன்மேன். கம்பம் ஏறுகிறவன். சின்ன வயதில் வீட்டுச் சுவர் ஏறிக் குதித்து அம்மாவிடம் அடி வாங்கியவன், கடைசியில் ஏறுவதற்கே சம்பளம் வாங்குகிற வேலையில் சேர்ந்தான் என்று வீட்டில் சிரிப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் ஏணி சறுக்கி விழுந்தான். தலையில் அடி. தையல் போட்டார்கள், ஆறியது, திரும்ப வேலைக்குப் போனான். ஆனால் மேலே போனதும் தலை சுற்றியது. எப்போதும் இல்லை, எப்போதாவது. எப்போதாவது என்பதுதான் ஆபத்து. மருத்துவர் உயரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கிளை அலுவலகத்தில் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை வைத்து வேலையை மாற்றுவதற்கு விதி ஏதாவது இருந்தால் கொண்டுவா என்றார்கள்.

அவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, போனில் அவளுடைய தேடுபெட்டியையே திறந்து தட்டிப் பார்த்தான்.

“அக்கா, ‘தலைக்காயம்’னு போட்டா ஒண்ணும் வரலையே. ‘தரைப்பணி’ன்னு போட்டாலும் இல்ல. ஆனா எங்க ஸ்டோர்காரர் அப்படி ஏதோ ஒண்ணு வந்துச்சுன்னு சொல்றாரு.”

“ஸ்டோர்காரருக்கு வேற வேலை இல்ல. இருந்தா வரும்டா.”

“வேற எங்கேயாவது மாட்டியிருக்குமோ?”

“எங்க மாட்டும்? ஒவ்வொரு பக்கத்தையும் உள்ள போட்டது நான். அதுல தேடி வரலேன்னா அப்படி ஒண்ணு இல்லேன்னு அர்த்தம். நீ வீணா அலையாதே.”

சொல்லும்போது அவள் குரலில் துளிச் சந்தேகம் இல்லை. அவனும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அக்கா சொன்னால் அவனுக்கு வேதவாக்கு. அதற்குமேல் அவன் எந்த மேசையையும் தட்டவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு கம்பம் ஏறினான்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. மேலிடத்திலிருந்து திடீரென்று ஒரு கேள்வி: துறையின் சுற்றறிக்கைகளில் தமிழ் எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு? பிரிவு அதிகாரி உற்சாகமாக அவளிடம் தள்ளிவிட்டார். எண்ணிப் பார்த்தால் ஆங்கிலப் பக்கங்கள் தமிழைவிட வெகு அதிகம். பாதிக்குப் பாதி வர வேண்டியது, எப்படி இவ்வளவு சாய்ந்தது?

“இதை அப்படியே அனுப்பினா நம்ம தலையைக் கிள்ளிடுவாங்க. எங்கேயோ தப்பு. பாரும்மா” என்றார் அவர்.

அவள் பட்டியலில் ஒரு சுற்றறிக்கையை எடுத்தாள். ‘பொதுப் பணி ஒழுங்குகள்’ என்று தூக்கம் வருகிற தலைப்பு. ஆங்கிலம் என்று குறித்திருந்த இருபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தாள். திரையில் பளிச்சென்று தமிழ்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாலும் தமிழ்தான். அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து வைத்திருந்த எழுத்தைத் திறந்தாள். சம்பந்தா சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள், இரண்டு எழுத்துக்கு ஒரு அரைப்புள்ளி, நடுநடுவே அடைப்புக்குறிகள். எலி ஓடி விளையாடிய தட்டச்சுப் பலகை மாதிரி இருந்தது.

“அண்ணே, இங்க வாங்களேன்.”

ஸ்கேனர் அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

“இது பழைய ஃபாண்ட்மா. கீழே தட்டச்சுப் பிரிவுல இன்னும் சிலர் அதைத்தான் வெச்சிருக்காங்க. பார்க்கிறதுக்குத் தமிழ். உள்ள இருக்கிறது எல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான். அதுமேல தமிழ் உருவத்தை மாட்டிவிட்டிருக்கும்.”

அவளுக்கும் இது தெரியாத விஷயமில்லை. தெரிந்ததை அந்த நேரத்தில் நினைக்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே தமிழ்க் குறியெண் இல்லை, ஆகவே தமிழ் இல்லை. தமிழ் இல்லை, ஆகவே ஆங்கிலம். எழுத்து இருக்கிறது, ஆகவே பக்கம் காலியில்லை. ஒவ்வொரு படியிலும் எல்லாம் சரி. பழைய பதிவுகளைத் தோண்டி, கருவி முதலில் என்ன சொல்லியிருந்தது என்று பார்த்தாள். கருவி இதை ஆங்கிலம் என்று சொல்லவே இல்லை. அதற்கு அப்போதே தெரியவில்லை. வாயை அடைத்து ஆங்கிலம் என்று சொல்ல வைத்தது அவள்தான்.

பிறகுதான் அந்தப் பக்கத்தைப் படித்தாள்.

இணைப்பு மூன்று. பணியின்போது தலைக்காயம் அடைந்த கம்பப் பணியாளர், மருத்துவர் சான்றோடு விண்ணப்பித்தால், தரைப்பணிக்கு மாற்றப்பட வேண்டும். மாற்றப்படலாம் என்றில்லை, வேண்டும். காயம் பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின் வரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா. ஆங்கிலப் பகுதியில் இதைத் தேடினால், ‘இணைப்பின் மொழிபெயர்ப்பு பின்னர் வெளியிடப்படும்’ என்று ஒரே வரி. பின்னர் என்பது இன்னும் வரவில்லை.

மழைக்காலத்திலிருந்து விரல் விட்டு எண்ணினாள். இரண்டாவது முறையும் எண்ணினாள். கெடு போன மாதம் முடிந்திருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. தன்மேல் அருவருப்புத்தான் வந்தது. ‘அப்படி ஒண்ணு இல்லேன்னு அர்த்தம்’ என்று தான் சொன்ன தோரணை காதிலேயே நின்றது.

அன்றும் மறுநாளும் சோறு தண்ணீர் நினைப்பில்லாமல் வேலை செய்தாள். பக்கத்தில் என்ன எழுத்துரு இருக்கிறது என்று முதலில் பார்ப்பது. தெரிந்த பழைய எழுத்துரு என்றால் அதற்குரிய மாற்று அட்டவணையை வைத்துத் தமிழாக்குவது. பெயர் தெரியாத எழுத்துரு என்றால், உள்ளே இருக்கும் எழுத்தை நம்பாமல் பக்கத்தைப் படமாக்கி, எழுத்தின் உருவத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்து, அந்த மொழியில் வாசிக்கச் சொல்வது. ஆங்கிலம் என்று சொன்னால் ஆங்கிலத்தில் வரிக்கு வரி வருகிற சின்னச் சின்னச் சொற்கள் அந்தப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது. எதற்கும் அடங்காததைப் பழையபடி ‘தெரியவில்லை’ கூடையில் போடுவது. கஷ்டமான வேலையே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. இரண்டு நாள் வேலை.

அவள் நடந்ததைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பிரிவு அதிகாரி கதவைச் சாத்தினார்.

“மத்ததெல்லாம் சரி பண்ணு. அந்த ஒரு பக்கத்தை மட்டும் அப்படியே விட்டுடு.”

“ஏன் சார்?”

“தேடினா வரும், இல்லையா? கெடு முடிஞ்சவன் எல்லாம் கண்டுபிடிப்பான். ஏன் அப்ப வரல, இப்ப எப்படி வருதுன்னு கேட்பான். யார் பதில் சொல்றது? நீயா, நானா?”

“நான் எழுதித் தரேன் சார். தப்பு தேடுபெட்டியிலதான், கெடுவை நீட்டிக் கொடுங்கன்னு.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு நாள் எண்ணுகிறவர், அவ்வளவுதான். அவள் தம்பி ஏணியிலிருந்து விழுந்தது அவருக்கும் தெரியும்.

“தம்பிக்காகவாம்மா?”

“ஆமா சார்.”

“எழுது. உன் பேர்ல கரும்புள்ளி விழும். அவன் வேலை மாறாது. ரெண்டையும் இப்பவே சொல்லிட்டேன்.”

எழுதினாள். இருபத்தொன்றாம் பக்கத்தையும் சேர்த்தே சரி செய்தாள். அதை அவர் கவனித்தாரா, கவனிக்காத மாதிரி இருந்தாரா, தெரியாது. மேலிடத்திலிருந்து பதில் வருவதற்குள் தினமும் அவளுக்குத் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். பதில் வரட்டும், நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவாள். நப்பாசைதான். நப்பாசைக்கு என்ன, அது யாரிடமும் கேட்டுக்கொண்டா வருகிறது?

பதில் இரண்டு மொழியில் வந்தது. சுற்றறிக்கை உரிய நாளில் முழுமையாக வெளியிடப்பட்டிருக்கிறது. எல்லாப் பக்கங்களும் எவரும் திறந்து படிக்கும் நிலையிலேயே இருந்தன. தேடுவசதி என்பது ஒரு வசதி மட்டுமே. கெடுவை நீட்டிக்க இயலாது. கீழே, சம்பந்தப்பட்ட ஊழியர் இனி கவனமாகச் செயல்பட அறிவுறுத்தப்படுகிறார். அவளுடைய புதிய கருவி அந்தக் கடிதத்தை உள்ளே வாங்கி, முதல் பக்கம் ஆங்கிலம், இரண்டாம் பக்கம் தமிழ் என்று பிசகாமல் சொன்னது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். இடுப்பில் மாட்டும் பாதுகாப்பு வாரை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். அவசர அழைப்பு வந்தால் போக வேண்டிய முறை அவனுடையது. முகம் வெளுத்திருந்தது. போன வாரம் மேலே இருக்கும்போது சுற்றல் வந்து, கம்பத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“கீழே நின்னவன், என்ன அண்ணே, கம்பத்தைக் கொஞ்சுறீங்களான்னு கேக்கறான்.”

அவள் சிரிக்கவில்லை. சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குள் அவன் போனை எடுத்துவிட்டிருந்தான்.

“சும்மா இன்னொரு தடவை தட்டிப் பார்க்கிறேன். புதுசா ஏதாவது...” என்றவன் நிறுத்தினான். “அக்கா, இப்ப வருது.”

“டேய்...”

“இரு இரு. பக்கம் இருபத்தொண்ணு. தலைக்காயம்... தரைப்பணி... அட, என்னையே வெச்சு எழுதின மாதிரி இருக்கே!” அவன் முகம் மலர்ந்தது. அவ்வளவு மலர்ச்சியை அவன் முகத்தில் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனான். கடைசி வரியில் விரல் நின்றது.

அந்த வரியையே மறுபடியும் படித்தான்.

“இதை எப்ப போட்டாங்க?”

“முதல்லேருந்தே இருந்துச்சுடா. நீ தேடினப்பவும் இருந்துச்சு. என் கருவி அந்தப் பக்கத்தை இங்கிலீஷ்னு எடுத்துக்கிச்சு. குப்பையா உள்ள போயிடுச்சு. அதனால உனக்கு வரல. தப்பு என்னோடது. மேல எழுதிப் பார்த்தேன். முடியாதுன்னுட்டாங்க.”

நீளமாகச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாளாக மனசுக்குள் கோத்து வைத்திருந்தது இவ்வளவு சின்னதாக முடிந்துவிட்டது. அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அன்னிக்கு நீ இல்லைன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு, தெரியுமாக்கா?” என்றான் அவன். “எங்கேயும் போய் நிக்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம். அக்காவே சொல்லிட்டா. இல்லாததுக்கு ஏன் அலையணும்னு. வீட்டுல அவகிட்டயும் அதையே சொல்லி வாயை அடைச்சேன்.”

அவன் மனைவி அதன் பிறகு ஒருநாளும் இதைப் பற்றி அவளிடம் பேசாததன் காரணம் இப்போதுதான் புரிந்தது.

“வேலையை விட்டுடுடா.”

“விட்டுட்டு? பொண்ணு பள்ளிக்கூடம் போகுது. எனக்கு ஏறத்தான் தெரியும்.”

போன் அடித்தது. ஏதோ தெருவில் மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கிறது. வர்றேன் என்று சொல்லி வைத்தான். எழுந்து வாரை இடுப்பில் சுற்றி, கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்தான். முன்பெல்லாம் அவன் இதைக் கம்பத்தடியில்தான் மாட்டுவான். இப்போது வீட்டிலேயே மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறான்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல்தான் கேட்டான்.

“ஏன்க்கா, இந்த ஆறு மாசக் கெடுவைத் தளர்த்தி, வேற எதுலயாவது, வேற ஏதாவது ஒரு பக்கத்துல, எழுதியிருப்பாங்களா?”

அவளுடைய தேடுபெட்டியில் துறையின் எல்லாச் சுற்றறிக்கையும் இருந்தது. அந்தச் சொற்களை அவள் எத்தனையோ விதமாகத் தட்டிப் பார்த்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. தேடி வரலேன்னா இல்லேன்னு அர்த்தம் என்று சொன்ன அதே கூடத்தில் நின்றுகொண்டு, அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“தெரியலடா” என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போனான்.